லிப்ட் வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள்

திருகோணமலை உள்துறைமுக வீதிப் பக்கமாக ஒரு நண்பர் நான்கு மாடிக் கட்டிடம் ஒன்றைக் கட்டினார். கீழே கடைகள், மேலே தங்குமிட அறைகள். அது 2021ஆம் ஆண்டு. மின்சாரச் சாமான்களை என் கடையில்தான் வாங்கினார். கட்டிடத்துக்கு ஒரு லிப்ட் வேண்டும் என்பது வரைபடத்தில் முதல் நாளே இருந்தது. அவ்வருடம் ஒக்டோபரில் கொழும்பிலிருந்து விலை எடுத்தார். எட்டுப் பேர் ஏறக்கூடிய 630 கிலோ லிப்டுக்கு 22,000 டொலர் என்றார்கள். அப்போது டொலர் 203 ரூபா அளவில் இருந்தது. கணக்குப் பார்த்தால் 44 இலட்சத்து 66 ஆயிரம்.

“நானா, லிப்ட் கடைசியில் பூட்டும் சாமான்தானே. மேல் ஸ்லாப்பைப் போட்டுவிட்டுப் பார்ப்போம்” என்றார். நானும் “அதுவும் சரிதான்” என்று தலையை ஆட்டினேன். முப்பது வருட வியாபாரத்தில் நான் சொன்ன மோசமான புத்திமதிகளில் அதுவும் ஒன்று.

ஸ்லாப் போட்டு முடிய ஜனவரி ஆயிற்று. ஒப்பந்தத்தில் கையொப்பம் வைத்துவிட்டு எல்.சி. திறக்கப் போனால் வங்கியில் டொலர் இல்லை. 2022 மார்ச் 7ஆம் திகதி மத்திய வங்கி ரூபாவின் பிடியைத் தளர்த்தியது. மே மாதத்தில் டொலர் 360 ரூபா அளவுக்குப் போய்விட்டது. அதே 22,000 டொலர் லிப்ட் 79 இலட்சத்து 20 ஆயிரம் ஆகிவிட்டது. லிப்டுக்கென்று விட்ட குழியில் ஒரு வருடத்துக்கு மேலாகச் சீமெந்துப் பைகளும் பலகைகளும் கிடந்தன. மேல் மாடி அறைகளை யாரும் எடுக்கவில்லை.

நாட்டின் நெருக்கடியை நண்பர் உண்டாக்கவில்லை. ஆனால் ஒக்டோபரில் செய்ய வேண்டிய வேலையை ஜனவரிக்குத் தள்ளிவைத்தது நாங்கள்தான். அத்தோடு முடியவில்லை. 2023இல் லிப்டை வாங்கி, கொம்பனியின் வரைபடம் வந்தபோதுதான் அடுத்த வில்லங்கம் தெரிந்தது. அவர்களுக்குக் கீழ்க்குழி 1.4 மீற்றர் ஆழம் வேண்டும். மேசன் பாஸ் விட்டிருந்தது 1.1 மீற்றர். கடலோரத்தில் போட்ட கொங்கிறீட்டை உடைத்து ஓரடி ஆழமாக்கப் போனால் ஊற்றுத் தண்ணீர் மேலே வருகிறது. அதை நிறுத்தப் போன செலவையும் நாட்களையும் நண்பர் இன்றும் சொல்லிச் சொல்லி வருந்துவார்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு, கட்டிடத்துக்குச் சாமான் வாங்கும் விஷயத்தில் என் புத்தி மாறிவிட்டது. அதைத்தான் இவ்வாரம் வாசகர்களோடு பகிர்ந்துகொள்கிறேன்.

கடையில் இல்லாத சாமான்கள்

சீமெந்து, கம்பி, டைல்ஸ், வயர் எல்லாம் இன்று சொன்னால் நாளை வரும். இல்லாவிட்டால் அடுத்த வாரம் வரும். லிப்ட் அப்படியல்ல. அது எந்தக் கடையிலும் அடுக்கி வைத்திருக்கும் சாமான் அல்ல. உங்கள் மாடி உயரம், உங்கள் குழியின் அகலம், உங்கள் கதவு நிற்கும் பக்கம் ஆகியவற்றைப் பார்த்து உங்களுக்கென்றே செய்யப்படுவது. பெரிய கட்டிடத்தின் மெயின் பெனலும் அப்படித்தான். பெட்டியைக் கொழும்பில் செய்வார்கள். ஆனால் உள்ளே போகும் பெரிய பிரேக்கர்கள் வெளிநாட்டிலிருந்து ஓடருக்கு வரவேண்டும். பெரிய ஜெனரேட்டர், மின்மாற்றி போன்றவையும் இந்த வகைதான்.

இப்படியான சாமான்களுக்குத் தனியாக ஒரு பட்டியல் வேண்டும். அதில் முதலில் எழுதவேண்டியது விலை அல்ல, தேவைத் திகதி. அதாவது, அந்தச் சாமான் எந்த நாளில் கட்டிட வாசலில் இறங்கினால் வேலை நிற்காது என்ற திகதி. அங்கிருந்து ஒவ்வொரு வேலைக்கும் எத்தனை வாரம் என்று பின்னோக்கிக் கழித்துக்கொண்டு வந்தால், நாம் முதல் கடிதம் எழுதவேண்டிய நாள் வரும். பெரும்பாலும் அந்த நாளைப் பார்த்துத் திடுக்கிட வேண்டியிருக்கும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

2023இல் நகரில் இன்னொரு ஹாஜியார் ஐந்து தட்டுக் கட்டிடம் ஒன்றை ஆரம்பித்தார். கீழே காட்சியறை, மேலே முப்பத்தாறு ஏசி அறைகள். முந்திய கதையைக் கேட்டிருந்ததால், “இந்தச் சாமான்களின் திகதிகளை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்” என்று என்னிடம் ஒப்படைத்தார். திறப்பு விழா 2024 ஓகஸ்ட் 1 என்று முடிவாகியிருந்தது. அவருடைய பொறியியலாளர் தம்பியும் நானும் ஒரு பயிற்சிக் கொப்பியில் உட்கார்ந்து எழுதினோம்.

திறப்புக்கு இரண்டு வாரம் முன்பாவது லிப்ட் ஓடவேண்டும். ஆகவே ஒப்படைக்கும் நாள் ஜூலை 15. அங்கிருந்து பின்னோக்கி:

- பூட்டிச் சோதிக்க 7 வாரம்: வேலை ஆரம்பம் மே 27.
- சாமான் ஒரு வாரம் முந்தி வரவேண்டும்: மே 20.
- கொழும்புத் துறைமுகத்தில் விடுவித்து லொறியில் கொண்டுவர 2 வாரம்: கப்பல் வருவது மே 6.
- சீனாவிலிருந்து கப்பல் பயணம் 3 வாரம்: தொழிற்சாலையை விட்டு வெளியேறுவது ஏப்ரல் 15.
- தயாரிப்பு 12 வாரம்: ஜனவரி 22.
- இடையில் சீனப் புத்தாண்டு, 3 வாரம்: ஜனவரி 1.
- வரைபடம் வந்து, திருத்தி, ஒப்பமிட 4 வாரம்: 2023 டிசம்பர் 4.
- ஒப்பந்தம், முற்பணம், எல்.சி. 3 வாரம்: நவம்பர் 13.
- விலை கேட்டு ஒப்பிட 5 வாரம்: ஒக்டோபர் 9.
- எதிர்பாராததற்குக் கையிருப்பு 3 வாரம்: செப்டெம்பர் 18.

ஆக, 2024 ஜூலையில் ஓடவேண்டிய லிப்டுக்கு 2023 செப்டெம்பரிலேயே கடிதம் போகவேண்டும். மொத்தம் 43 வாரம். ஹாஜியார் கொப்பியைப் பார்த்துவிட்டு, “என்ன நானா, லிப்ட்காரன் பன்னிரண்டு வாரம் என்றுதானே சொன்னான்?” என்று கேட்டார்.

அந்தப் பன்னிரண்டு வாரத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். விற்பவர் பொய் சொல்லவில்லை. அவர் சொல்வது தொழிற்சாலைக்குள் வேலை நடக்கும் காலத்தை மட்டும். அந்தக் கடிகாரம் நாம் கையொப்பம் வைத்த நாளில் ஓட ஆரம்பிப்பதில்லை. முற்பணம் கிடைக்கவேண்டும், வரைபடத்தில் ஒப்பம் விழவேண்டும், பெட்டியின் உட்சுவர், தரை, கதவு நிறம் எல்லாம் தெரிவாகவேண்டும். இவற்றில் எது கடைசியாக முடிகிறதோ அந்த நாளில்தான் ஆரம்பம். ஒப்பந்தம் எழுதும்போதே “எந்த நாளிலிருந்து பன்னிரண்டு வாரம்?” என்று கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும்.

சீனப் புத்தாண்டையும் சொல்லவேண்டும். 2024இல் அது பெப்ரவரி 10இல் வந்தது. விடுமுறை ஒரு வாரம்தான் என்றாலும், தொழிலாளர்கள் ஊருக்குப் போய்த் திரும்பி வேலை பழையபடி நடக்க மூன்று வாரம் போய்விடும். நமக்கு நோன்பும் பெருநாளும் எப்படியோ அவர்களுக்கு அது அப்படி. நமது பக்கத்திலும் ஏப்ரல் புத்தாண்டு, வெசாக் என்று நாட்கள் போகும். கொப்பியில் எழுதும்போது இரண்டு நாட்டுக் கலண்டரையும் பக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது.

சாமானுக்கு முன் அளவு வேண்டும்

ஒரு சாமானுக்கு ஒரு தேவைத் திகதி என்றுதான் நான் முதலில் நினைத்தேன். பொறியியலாளர் தம்பிதான் இரண்டு உண்டு என்று காட்டினார். லிப்ட் வாசலில் வரவேண்டியது மே 20. ஆனால் லிப்டின் அளவு கைக்கு வரவேண்டியது அதற்குப் பத்து மாதம் முன்பு. ஏனென்றால் அதன் கீழ்க்குழி அத்திவாரத்தோடு சேர்த்துக் கொங்கிறீட் போடப்படுகிறது. 2023 ஜூலையில் அது நடக்கவிருந்தது. எந்தக் கொம்பனியின் லிப்ட் என்பதே அப்போது முடிவாகவில்லை.

அதற்கு அவர் செய்த வழி எளிது. ஜூன் மாதத்திலேயே மூன்று கொம்பனிகளுக்கு எழுதி, விலையைக் கேட்காமல் அளவை மட்டும் கேட்டார். குழி ஆழம், உள் அகலம், கடைசி மாடித் தரையிலிருந்து மேல் ஸ்லாப் வரை உயரம், கதவுக்கு விடவேண்டிய இடைவெளி. மூவரும் சொன்னதில் பெரியதை எடுத்து, குழியை 1.5 மீற்றராகவும் மேல் உயரத்தை 4 மீற்றராகவும் வைத்தார். பிறகு எவருடைய லிப்டை வாங்கினாலும் உடைக்க வேண்டி வராது. ஜூலை நமது பகுதியில் வரண்ட காலம் என்பதால் குழிக்குத் தண்ணீர் கசியாத பூச்சும் ஒழுங்காகப் போட முடிந்தது. அதே வேலையை நவம்பர் மழைக்குள் செய்யப் போயிருந்தால் பம்ப் வைத்து இறைத்துக்கொண்டே இருந்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு மாடியும் ஏறும்போது மேலிருந்து தூக்குக் குண்டு விட்டுக் குழியின் நேரைப் பார்த்து எழுதி வைத்தார்கள். ஒவ்வொரு மாடியிலும் கொஞ்சம் கொஞ்சமாகச் சாய்ந்தால், கீழே சரியான அளவு இருந்தும் மேலே லிப்டின் தண்டவாளம் நிற்க இடம் போதாமல் போகும். அதை லிப்ட்காரர்கள் வந்த அன்று கண்டுபிடிப்பதில் பயனில்லை.

பெனல் பிந்தினால் லிப்டும் பிந்தும்

லிப்டுக்கும் மெயின் பெனலுக்கும் தனித்தனியாகத் திகதி எழுதினால் போதாது. ஒன்று மற்றொன்றில் தொங்குகிறது. லிப்டைப் பூட்டும் ஆரம்ப வாரங்களில் தற்காலிக மின்சாரம் போதும். கடைசி மூன்று வாரம் ஓட்டிச் சோதிப்பதற்கு நிலையான மூன்று பேஸ் மின்சாரம் வேண்டும். வோல்டேஜ் ஏறி இறங்கும் தற்காலிக இணைப்பில் லிப்டின் கட்டுப்பாட்டுப் பலகையை ஓட்ட எந்தக் கொம்பனியும் விரும்பாது. ஆகவே ஜூன் 24இல் மின்சாரம் வந்திருக்க வேண்டும்.

அந்தக் கட்டிடத்துக்கு 400 கேவிஏ மின்சாரம் தேவைப்பட்டது. 42 கேவிஏக்கு மேற்பட்ட இணைப்பு மொத்த விநியோக வகையில் வரும். அதற்கு விண்ணப்பம், மதிப்பீடு, பணம் கட்டுதல், மின்மாற்றி வைத்தல் என்று தனி வரிசை உண்டு. அதையும் கொப்பியில் இன்னொரு பக்கமாக எழுதி, அத்திவாரம் முடிந்த கையோடு விண்ணப்பத்தைக் கொடுத்துவிட்டோம்.

பெனலில் 630 அம்பியர் பெரிய பிரேக்கர் இரண்டு வேண்டும். ஒன்று வெளி மின்சாரத்துக்கு, ஒன்று ஜெனரேட்டருக்கு. இரண்டும் ஒரே நேரத்தில் மூடாதபடி பூட்டு வைத்தது. ஜூன் 24இலிருந்து பின்னோக்கி எண்ணினோம். பெனலை நிறுத்திக் கேபிள் பூட்டிச் சோதிக்க நான்கு வாரம், கொழும்பிலிருந்து கொண்டுவர ஒரு வாரம், பெட்டிக்குள் பூட்டித் தொழிற்கூடத்தில் சோதிக்க ஆறு வாரம், ஏப்ரல் புத்தாண்டுக்கு ஒரு வாரம். ஏப்ரல் 1இல் பிரேக்கர்கள் கொழும்பில் இருக்கவேண்டும். ஐரோப்பாவிலிருந்து கப்பலில் வந்துசேர 14 வாரம் என்றார்கள். கையிருப்பு மூன்று வாரம் சேர்த்து டிசம்பர் 4இல் ஓடர் கொடுத்தோம்.

பத்து நாட்கள் கழிந்திருக்கும். செங்கடலில் கப்பல்கள் தாக்கப்படுவதால் பெரிய கப்பல் கொம்பனிகள் அந்த வழியை விட்டு ஆபிரிக்காவைச் சுற்றிப் போகத் தொடங்கின என்று செய்தி வந்தது. மார்ச் 11இல் வரவேண்டிய பிரேக்கர்கள் மார்ச் 25இல் வந்தன. இரண்டு வாரம் தாமதம். ஆனாலும் ஏப்ரல் 1க்கு ஒரு வாரம் மீதி இருந்தது. அந்த மூன்று வாரக் கையிருப்பை “வீண் காலம்” என்று கழிக்கச் சொன்னவர்கள் அன்று வாய் திறக்கவில்லை.

பெனல் பிந்தினால் இன்னொரு வழியும் உண்டு. ஒரு பிரேக்கரை ஒருவர் இருவர் தூக்கலாம். நெருக்கடியானால் கூலி கூடினாலும் விமானத்தில் எடுக்கலாம். லிப்டுக்கு அந்த வழி இல்லை. ஐந்து மீற்றர் நீளத் தண்டவாளங்களையும் எடைக் கட்டிகளையும் விமானத்தில் ஏற்றுவது யாருக்கும் கட்டுப்படியாகாது. எதற்கு மாற்று வழி இல்லையோ அதற்குத்தான் அதிகக் கையிருப்பு வைக்கவேண்டும்.

லிப்டின் கையிருப்பு எங்கே போயிற்று?

எல்லாம் கொப்பியில் எழுதியபடி நடந்தது என்று சொன்னால் அது உண்மையல்ல. விலை ஒப்பிடுவதில் ஒரு வாரம் கூடிப்போயிற்று. உட்சுவருக்குக் கண்ணாடியா, கீறல் படாத எஃகா என்று வீட்டாரோடு பேசி முடிவெடுக்க ஹாஜியாருக்குப் பத்து நாட்கள் தேவைப்பட்டன. பதினேழு நாட்கள் அங்கேயே போய்விட்டன. மிஞ்சியது நான்கு நாள். தொழிற்சாலையில் சாமான் தயாரான பிறகு கப்பலில் இடம் கிடைக்காமல் பதினொரு நாட்கள் நின்றது. முடிவில் கப்பல் ஒரு வாரம் பிந்தி மே 13இல் கொழும்புக்கு வந்தது.

இதில் எங்களைக் காப்பாற்றியது, பிந்தப் போகிறது என்று முன்கூட்டியே தெரிந்ததுதான். ஒவ்வொரு சனிக்கிழமையும் கொப்பியைத் திறந்து, எழுதிய திகதிக்குப் பக்கத்தில் நடந்த திகதியை எழுதுவோம். ஏப்ரலிலேயே ஒரு வாரத் தாமதம் தெரிந்துவிட்டது. ஆகவே வரிக்குரிய பணத்தையும் கப்பல் பத்திரங்களையும் முன்னதாகவே கிளியரிங் ஏஜண்டிடம் கொடுத்துவைத்தோம். 23ஆம் திகதி வெசாக் விடுமுறைக்கு முன் விடுவித்தாகவேண்டும் என்பதே எங்கள் குறி. 22ஆம் திகதி லொறி ஹபரணை வழியாக ஊர் வந்துவிட்டது. 27ஆம் திகதி வேலை ஆரம்பம். ஜூன் 19இல் மின்சாரம் வந்தது. ஜூலை 17இல் லிப்ட் கைக்கு வந்தது. இரண்டு நாள்தான் தாமதம். ஓகஸ்ட் 1இல் திறப்பு விழா நடந்தது, அல்ஹம்துலில்லாஹ்.

நமது துறைமுகம் இயற்கையாகவே ஆழமானது என்று பெருமைப்படுகிறோம். ஆனால் கொள்கலன்களுக்குக் கொழும்பையே நம்பியிருக்கிறோம். அந்த 260 கிலோமீற்றர் தரைவழியையும் கணக்கில் சேர்த்தே ஆகவேண்டும்.

“தயாரிப்பில் இருக்கிறது” என்றால்

விற்பவரிடம் கேட்டால் எப்போதும் “தயாரிப்பில் இருக்கிறது” என்பார். அதை நம்பிச் சும்மா இருக்கக்கூடாது. தொழிற்சாலை ஓடரை ஏற்றுக்கொண்ட பத்திரத்தைக் கேளுங்கள். அதில் ஓடர் இலக்கமும், வெளியேறும் திகதியும் இருக்கும். அது இல்லையென்றால் உங்கள் முற்பணம் இன்னும் கொழும்பைத் தாண்டவில்லை என்று அர்த்தம். தயாரிப்பு பாதியில் ஒரு முறை அதே திகதியை மீண்டும் எழுத்தில் கேளுங்கள். முடிந்ததும் மரப்பெட்டிகளின் படமும் பொதிப் பட்டியலும் வரவேண்டும். அதன் பிறகு கப்பல் பத்திரம். இந்த நான்கு தாள்களில் எது பிந்துகிறதோ, தாமதம் அங்கேதான் இருக்கிறது.

சிலர் இதைக் கேட்டுவிட்டு மறுபக்கம் போய், ஆறு மாதம் முந்தியே சாமானை இறக்கிவிடுவார்கள். அதுவும் நட்டம்தான். பணம் முடங்குவது ஒன்று. நமது உப்புக் காற்றில் பெட்டிக்குள்ளேயே தண்டவாளம் துருப்பிடிப்பது இன்னொன்று. மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. பல ஒப்பந்தங்களில் உத்தரவாதம் “ஓட ஆரம்பித்து 12 மாதம், அல்லது அனுப்பி 18 மாதம், எது முந்தியோ அது” என்று இருக்கும். முந்தி இறக்கி வைத்தால், லிப்ட் ஓட ஆரம்பிக்கும் முன்பே உத்தரவாதத்தில் பாதி போய்விடும். மே 20 என்று எழுதினால் மே 20தான். பெப்ரவரி அல்ல.

முற்பணம் கொடுத்துச் செய்விக்கும் இவ்வகை வியாபாரத்தை நமது மார்க்கத்தில் இஸ்திஸ்னா என்று உலமாக்கள் விளக்குவார்கள். என்ன சாமான், எப்படிப்பட்டது, என்ன விலை என்பதில் மயக்கம் இருக்கக்கூடாது. தவணையுள்ள கொடுக்கல் வாங்கலை எழுதி வைக்கும்படி அல்குர்ஆன் பகரா அத்தியாயத்தில் சொல்லியிருப்பதும் நமக்குத் தெரியும். அப்படி எழுதும்போது திகதியையும் எழுதுங்கள். பிந்தினால் யார் பொறுப்பு என்பதையும் எழுதுங்கள். ஆனால் நமது பக்கத்துத் தாமதத்துக்கும் அதே நேர்மை வேண்டும். கண்ணாடியா எஃகா என்று நாம் யோசித்த பத்து நாளை லிப்ட்காரன் தலையில் போடக்கூடாது.

முதலில் சொன்ன நண்பர் போன மாதம் என் கடைக்கு வந்தார். கிண்ணியாவில் மகனுக்கு ஒரு கட்டிடம் ஆரம்பிக்கப் போகிறாராம். அத்திவாரம் இன்னும் வெட்டவில்லை. கையில் ஒரு பயிற்சிக் கொப்பி வைத்திருந்தார். “நானா, குழி எத்தனை மீற்றர் என்று மூன்று பேரிடம் கேட்டுவிட்டேன்” என்று சொல்லிக்கொண்டுதான் உள்ளே வந்தார்.